நண்பரின் ஷேர் ஆல்பத்தில் நீங்கள் சேர்த்த படங்களை நீங்களே நீக்குவது எப்படி?

விசேஷம் முடிந்த மறுநாளே கூகுள் போட்டோஸில் ஒரு ஆல்பம் திறந்து, "எல்லாரும் எடுத்த படத்தை இதில் போடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வந்துவிடுகிறது. நாமும் போடுகிறோம். ஒரு வாரம் கழித்து, அதிலிருந்து நான்கைந்து படங்களை நீக்க வேண்டிய நிலை வருகிறது. ஆல்பம் நம்முடையது இல்லை. எங்கே தொட்டால் ஆல்பத்திலிருந்து மட்டும் போகும், எங்கே தொட்டால் நம் போனிலிருந்தே போய்விடும் என்பது திரையைப் பார்த்தால் எளிதில் புரிவதில்லை. நான் இதில் நன்றாகச் சுற்றி அலைந்துதான் வழியைக் கண்டுபிடித்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் விஷயம் இதுதான். நண்பனின் மகளுக்குக் காதுகுத்து. மொய் நோட்டின் பக்கங்களைப் பத்திரத்துக்காகப் படம் எடுத்து வைக்கச் சொன்னார் நண்பனின் அப்பா. நோட்டு தொலைந்தாலோ தண்ணீர் பட்டாலோ கணக்கு போய்விடும், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் அது. வீட்டார் எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தப் பக்கங்களும் ஆல்பத்துக்குப் போயின. அப்புறம் அந்த லிங்க் ஊர்க் குழு, அலுவலகக் குழு என்று பரவியது. யார் எவ்வளவு எழுதினார் என்பது ஊருக்கே தெரியும்படி இருப்பது சரியில்லை, உடனே எடுத்துவிடச் சொன்னார் பெரியவர். ஆல்பத்தின் சொந்தக்காரனான நண்பன் அதற்குள் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

இங்கே இரண்டு தேவைகள் இருப்பதைக் கவனியுங்கள். படம் ஆல்பத்தில் இருக்கக் கூடாது, ஆனால் என் போனில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் தேவைப்படும். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆவணம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆல்பத்தின் லிங்க் வேண்டும், அது வாட்ஸ்அப் குழுவில் தேடினால் கிடைக்கும். பெரும்பாலும் photos.app.goo.gl என்று தொடங்கியிருக்கும். அடுத்து, படங்களைச் சேர்த்தபோது எந்த ஜிமெயில் அக்கவுண்டில் இருந்தீர்களோ அந்த அக்கவுண்ட் வேண்டும். பழைய போனில் இருந்து சேர்த்திருந்தாலும் பரவாயில்லை, அதே அக்கவுண்ட் இப்போதைய போனில் இருந்தால் போதும். செலவு எதுவும் கிடையாது. நல்ல இன்டர்நெட் இருந்தால் பத்துப் படங்களை எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

மாற்றம் உடனே நடந்துவிடும். ஆனால் ஏற்கெனவே ஆல்பத்தைத் திறந்து வைத்திருப்பவர்களின் திரையில், அவர்கள் மூடித் திறக்கும்வரை பழைய படம் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் போகலையே" என்று யாராவது சொன்னால் பதற்றப்பட வேண்டாம்.

2. எந்த அக்கவுண்டில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே போனில் சொந்த ஜிமெயில் ஒன்று, வேலைக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கு ஒன்று என்று இருக்கும். கூகுள் போட்டோஸ் எந்த அக்கவுண்டில் திறந்திருக்கிறதோ அதன் கண்ணோட்டத்தில்தான் ஆல்பம் தெரியும். படத்தைச் சேர்த்தது ஒரு அக்கவுண்ட், இப்போது திறந்திருப்பது இன்னொரு அக்கவுண்ட் என்றால், நீங்கள் எடுத்த படமே உங்களுக்கு அடுத்தவர் படம் போலத் தெரியும். நீக்கும் வழி கண்ணிலேயே படாது. ஆல்பத்தின் சொந்தக்காரர் ஏதோ பூட்டு போட்டுவிட்டார் என்றுகூடத் தோன்றும். உண்மையில் பூட்டு எதுவும் இல்லை.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஆல்பத்தில் உங்கள் படம் ஒன்றைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். படம் எடுத்த தேதி முதலான விவரங்கள் வரும், அடுத்தவர் சேர்த்தது என்றால் அவருடைய பெயரும் இருக்கும். இன்னொரு அடையாளம், படத்தைச் சேமித்துக்கொள்ளச் சொல்லும் Save பொத்தான். உங்கள் லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கும் படத்தைச் சேமிக்கச் சொல்லி அது கேட்காது. ஆகவே உங்கள் படத்தின் மேலேயே Save தெரிந்தால், நீங்கள் வேறு அக்கவுண்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாற்றுவதற்கு, கூகுள் போட்டோஸின் முகப்பில் வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு, சரியான அக்கவுண்டைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் வாட்ஸ்அப் லிங்கைத் திரும்பத் தொட்டு ஆல்பத்தைத் திறந்தால் போதும். மெனுவில் ஆல்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கூகுள் அந்த மெனுவை அடிக்கடி இடம் மாற்றுகிறது, லிங்க் மாறுவதில்லை.

கணினியில் செய்பவர்கள் இந்த முகவரிக்குப் போகலாம்:

```
photos.google.com/sharing
```

பிரவுசரில் பல அக்கவுண்ட் திறந்திருந்தால் முகவரியில் /u/0/ அல்லது /u/1/ என்று வரும். அந்த எண்தான் எந்த அக்கவுண்ட் என்பதைக் காட்டுகிறது. முதலில் உள்நுழைந்தது 0, அடுத்தது 1.

3. ஆல்பத்திலிருந்து மட்டும் எடுப்பது

ஒரு படம் என்றால், ஆல்பத்துக்குள் இருந்தபடியே அதைத் திறங்கள். மேலே மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் கீழிருந்து ஒரு பலகை எழும்பி வரும். அதில் சின்னங்கள் ஒரே வரிசையில் இருக்கும். போனின் திரை சிறியதென்றால் முதல் நான்கைந்துதான் கண்ணில் படும், அந்த வரிசையை விரலால் இடப்பக்கம் தள்ள வேண்டும். அங்கே Remove from album என்று இருக்கும், அதைத் தொடுங்கள். உறுதி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தமிழில் வரும், சின்னம் ஒன்றுதான்.

பல படங்கள் என்றால், ஆல்பத்தில் ஒரு படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அதில் டிக் விழும். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுங்கள். கீழே வரும் பலகையில் அதே Remove from album இருக்கும். இங்கே ஒன்றில் கவனம் வேண்டும். விரலை இழுத்துக்கொண்டே போனால் வரிசையாக எல்லாம் தேர்வாகிவிடும், நடுவில் அடுத்தவர் சேர்த்த படமும் மாட்டும். மற்றவர் சேர்த்ததை எடுக்க உங்களுக்கு அனுமதி கிடையாது, ஆகவே கலந்து தேர்ந்தெடுத்தால் காரியம் நடக்காது. நிதானமாக உங்களுடையதை மட்டும் தொடுங்கள். நூற்றுக்கணக்கில் படங்கள் இருக்கும் விசேஷ ஆல்பத்தில் இதைக் கணினித் திரையில் செய்வதே கண்ணுக்கு நல்லது.

இப்படி எடுத்த படம் உங்கள் லைப்ரரியில் அப்படியே இருக்கும். ஆல்பத்தில் இருந்த இடம் மட்டும்தான் போகிறது. எடுத்து முடித்ததும் ஆல்பத்தை விட்டு வெளியே வந்து, உங்கள் படங்களில் அந்தத் தேதிக்குப் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டுப் பக்கங்கள் என் லைப்ரரியில் அன்றைய தேதியிலேயே இருந்தன, ஆல்பத்தில் இல்லை.

4. குப்பைத்தொட்டியைத் தொடாதீர்கள்

படத்தைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவது குப்பைத்தொட்டிச் சின்னம். Remove from album உள்ளே ஒளிந்திருக்க, இது மட்டும் வெளியே தெரிகிறது. அவசரத்தில் கை இதற்குத்தான் போகும்.

உங்கள் சொந்தப் படத்தை இதன் வழியாக நீக்கினால் ஆல்பத்திலிருந்து போகும், அது உண்மைதான். கூடவே கூகுளில் இருக்கும் உங்கள் பிரதியும், போனில் இருக்கும் மூலப்படமும் சேர்ந்து போகும். நீங்கள் அதைப் போட்டு வைத்திருக்கும் மற்ற ஆல்பங்களிலிருந்தும் போகும். ஆல்பத்துக்குள் நின்றுகொண்டு செய்வதால் ஆல்பத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. அப்படி இல்லை.

தவறி நீக்கிவிட்டவர்களுக்கு வழி உண்டு. பேக்கப் ஆன படங்கள் Trash என்ற இடத்தில் 60 நாள் இருக்கும். அங்கே போய் படத்தைத் தேர்ந்தெடுத்து Restore கொடுத்தால் திரும்பி வரும். ஆனால் அது எங்கே எல்லாம் இருந்ததோ அங்கே எல்லாம் திரும்பி வரும், நண்பரின் ஆல்பம் உட்பட. "ஆல்பத்தில் இருந்து எடுத்தாச்சு, இனி நமக்கு மட்டும் மீட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்து மீட்டால், மொய் நோட்டு மறுபடியும் எல்லார் கண்ணிலும் படும். அப்படி மீட்டால் கையோடு ஆல்பத்துக்குப் போய், மூன்றாவது படியில் சொன்னபடி Remove from album செய்துவிடுங்கள்.

இன்னொரு ஆசையும் சிலருக்கு வரும். ஆல்பத்தில் இருந்து படத்தை எடுத்தால் என் 15 ஜிபி இடத்தில் கொஞ்சம் மீளும் என்று. மீளாது. நீங்கள் சேர்த்த படம் உங்கள் லைப்ரரியில் இருந்து கணக்காகிறது, ஆல்பத்தில் இருப்பதால் கூடுதலாக எதுவும் பிடிப்பதில்லை.

5. எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்க வேண்டுமென்றால்

ஆல்பத்தின் மூன்று புள்ளி மெனுவில், அல்லது அதற்குள் இருக்கும் Options பக்கத்தில், Leave album என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நீங்கள் ஆல்பத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். நீங்கள் சேர்த்த படங்கள், வீடியோக்கள், எழுதிய கமெண்ட் எல்லாமே உங்களோடு ஆல்பத்தை விட்டுப் போய்விடும்.

நூறு படம் போட்டு, நூறையும் எடுக்க வேண்டும் என்றால் இது ஒரே நிமிட வேலை. ஆனால் இரண்டு படத்துக்காக இதைச் செய்யாதீர்கள். நீங்கள் சேர்த்த நல்ல படங்களும் போய்விடும். தாய்மாமன் மடியில் குழந்தை அழும் அந்த ஒரு படம் உங்களிடம் மட்டும்தான் இருந்தது என்றால், நண்பர் வீட்டார் மனம் வருந்துவார்கள். மற்றவர்கள் சேர்த்த படங்களில் உங்களுக்கு வேண்டியவை இருந்தால், வெளியேறும் முன்பே Save செய்துகொள்ளுங்கள். ஆல்பம் நடத்துபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதும் நல்லது. திடீரென நூறு படம் காணாமல் போனால், ஏதோ கோபத்தில் எடுத்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இதே விஷயம் மறுபக்கமும் உண்டு. சொந்தக்காரர் உங்களை ஆல்பத்திலிருந்து நீக்கினாலும் நீங்கள் சேர்த்த படங்கள் ஆல்பத்தை விட்டுப் போகும். உங்கள் லைப்ரரியில் அவை இருக்கும், கவலை வேண்டாம்.

6. போய்விட்டதா என்று வெளியாள் கண்ணால் பாருங்கள்

உங்கள் போனில் தெரியவில்லை என்பது போதாது. பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் ஒன்றைத் திறந்து, எந்த அக்கவுண்டிலும் நுழையாமல், ஆல்பத்தின் லிங்கை ஒட்டிப் பாருங்கள். லிங்க் கிடைத்த யாரோ ஒருவர் பார்ப்பது இதைத்தான். மேலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

நான் இப்படிப் பார்த்தபோது மொய் நோட்டுப் பக்கம் ஒன்று இன்னும் இருந்தது. நான் எடுத்தது சரியாகப் பதியவில்லையோ என்று ஆப்பில் போய் அந்தப் படத்தைத் திறந்து விவரத்தைப் பார்த்தால், அதில் நண்பனின் மச்சான் பெயர். அதே பக்கத்தை அவர் வாட்ஸ்அப்பில் வாங்கி, தன் பங்குக்கு ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார். படம் பிடித்தது நான் என்றாலும், ஆல்பத்தைப் பொறுத்தவரை அந்தப் பிரதி அவருடையது. அதை அவர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆல்பத்தின் சொந்தக்காரர் எடுக்க வேண்டும். வேறு யாராலும் முடியாது. விசேஷ ஆல்பங்களில் ஒரே படம் இரண்டு மூன்று பேர் வழியாக ஏறுவது சாதாரணம். ஒரு சின்ன அடையாளம்: வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதி பெரும்பாலும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் மொய் எழுதியவரின் கையெழுத்தே கலங்கித் தெரியும்.

7. சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது

சொந்தக்காரரால் ஆல்பத்தில் உள்ள எந்தப் படத்தையும், யார் சேர்த்திருந்தாலும், எடுக்க முடியும். அவர் ஆல்பத்தில் இருந்து எடுப்பதால் சேர்த்தவரின் லைப்ரரியில் எதுவும் குறையாது. இதைத் தெரியாமல்தான் பலர் "அவர் படத்தை நான் எப்படி டெலீட் பண்றது" என்று தயங்குகிறார்கள்.

"சில படங்களை எடுத்துவிடு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நூற்றுக்கணக்கான படங்களில் அவர் எதைத் தேடுவார்? எந்தப் படம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன்மேல் வட்டம் போட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். மொய் நோட்டு, ஆதார் போன்றவை என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் பெயர்கள் தெரியும் இடத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். நான் அனுப்பியது இதுதான்:

"மாப்ள, காதுகுத்து ஆல்பத்துல மொய் நோட்டுப் பக்கம் ஒண்ணு இன்னும் இருக்கு. நான் போட்டதை எல்லாம் எடுத்துட்டேன். இது உன் மச்சான் போட்டது, என்னால எடுக்க முடியாது. ஆல்பம் உன்னோடது, நீ எடுக்கலாம். படத்தைத் திற, மேல மூணு புள்ளி, அதுல Remove from album. அப்பா இன்னைக்கே எடுக்கச் சொல்றார்டா."

துபாயில் இறங்கிப் பார்த்ததும் எடுத்துவிட்டான்.

அவரிடம் இன்னொன்றும் கேட்கலாம். ஆல்பத்தின் Options பக்கத்தில் லிங்க் வழியாகப் பகிர்வதை அவர் நிறுத்திவிட்டால், ஆல்பத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். ஊர்க் குழுவில் சுற்றும் லிங்க் பிறகு யாருக்கும் திறக்காது. ஏற்கெனவே லிங்க் எங்கெங்கோ போய்விட்டது என்றால் இதுவே பெரிய நிம்மதி.

படங்களைச் சேர்த்த பழைய ஜிமெயிலின் பாஸ்வேர்டு மறந்துபோனவர்களுக்கும் இதுதான் வழி. அக்கவுண்டை மீட்க முயல்வது ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்குள் சொந்தக்காரரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

8. எடுத்த பின்னும் மிஞ்சுவது

ஆல்பத்திலிருந்து நீங்கள் படத்தை எடுக்கும் முன்பே யாராவது அதை Save செய்திருந்தால், அது அவருடைய லைப்ரரியில் அவருடைய பிரதியாக இருக்கும். டவுன்லோடு செய்திருந்தாலும், ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலும் அப்படியே. அதை எந்தப் பொத்தானாலும் திரும்ப வாங்க முடியாது. யார் Save செய்தார் என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியவுடனே எடுத்துவிடுங்கள், சொந்தக்காரருக்காகக் காத்திருக்காதீர்கள்.

அதே படத்தை நீங்களே வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தால், அங்கே "எல்லாருக்கும் நீக்கு" என்ற வசதி இரண்டு நாளுக்குச் சற்றே மேல்வரைதான் வேலை செய்யும். அதையும் மறக்காமல் அந்தக் கெடுவுக்குள் செய்துவிடுங்கள். அடுத்தவர் போட்டதை நீக்க, குழு அட்மினிடம் சொல்லலாம்.

9. ஆல்பம் ஐபோனின் ஷேர்டு ஆல்பம் என்றால்

சில வீடுகளில் ஆல்பம் கூகுளில் இருக்காது, ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் போட்டோஸ் ஆப்பிலேயே ஷேர்டு ஆல்பம் திறந்திருப்பார்கள். அங்கேயும் விதி ஒன்றுதான்: நீங்கள் போட்டதை நீங்கள் எடுக்கலாம், சொந்தக்காரர் எதையும் எடுக்கலாம்.

ஆனால் நடைமுறை கிட்டத்தட்ட தலைகீழ். அங்கே ஆல்பத்துக்குப் போவது தனிப் பிரதி. ஆகவே ஆல்பத்துக்குள் படத்தைத் திறந்து குப்பைத்தொட்டியைத் தொட்டால் ஆல்பத்தில் இருப்பது மட்டும்தான் போகும், உங்கள் லைப்ரரியில் இருக்கும் மூலப்படம் இருக்கும். மாறாக, லைப்ரரியில் இருந்து படத்தை நீக்கினால் ஆல்பத்தில் இருப்பது போகாது, அங்கேயே கிடக்கும். கூகுளில் பழகியவர்கள் லைப்ரரியில் நீக்கிவிட்டு ஆல்பத்திலும் போயிருக்கும் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே எந்த ஆப்பின் ஆல்பம் என்று முதலில் பார்த்துவிட்டு, ஐபோன் ஆல்பம் என்றால் அந்த ஆல்பத்துக்குள்ளேயே போய் நீக்குங்கள்.